பம்பு நின்ற பிறகும் 99.9: காளான் அறையில் ஈரப்பதக் கட்டுப்பாடு

கேள்வி: 10க்கு 7 அடி, 8 அடி உயரமுள்ள சின்ன அறையில் சிப்பிக் காளான் போட்டிருக்கிறேன். DHT22 சென்சார், ஒரு ரிலே, பம்பு, ஆறு ஃபாகர் நாசில். ஈரப்பதம் 85க்குக் கீழே போனால் பம்பு ஓட வேண்டும், 95 வந்ததும் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஆனால் தரையெல்லாம் தண்ணீர், இரவு முழுக்க 99.9 காட்டுகிறது, குடைகளில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு விழுகிறது. 85, 95 என்பதை என்னவாக மாற்றினால் சரியாகும்?

அந்த இரண்டு எண்களை எப்படி மாற்றினாலும் சரியாகாது. பிரச்சினை எண்ணில் இல்லை, "95 வரும் வரை ஓட்டு" என்கிற முறையில் இருக்கிறது. உங்கள் அறையின் காற்றுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

உங்கள் அறை 560 கன அடி, அதாவது ஏறக்குறைய 16 கன மீட்டர். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முழுசாக நிறைந்தால் (அதாவது 100 சதவீதத்தில்) 23 கிராம் நீராவிதான் தாங்கும். 80 சதவீதத்திலிருந்து 92க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் வித்தியாசம் 12 சதவீதம். 23ல் அது சுமார் 2.8 கிராம், 16 கன மீட்டருக்குப் பெருக்கினால் 44 கிராம். அவ்வளவுதான், அரை டம்ளர் தண்ணீர்கூட இல்லை. இப்போது உங்கள் நாசிலைப் பாருங்கள். இந்த வகை ஃபாகரில் ஒரு வாய் 4 பார் அழுத்தத்தில் மணிக்கு 7 லிட்டர் அளவில் விடும், ஆறு வாய் என்றால் 42 லிட்டர், அதாவது நொடிக்கு 11, 12 மில்லி. அந்த 44 கிராமை நான்கு நொடியில் ஊற்றி முடித்துவிடுகிறீர்கள். சென்சாரோ மாற்றத்தை உணர்ந்து 95 என்று சொல்ல இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், அதற்குள் அறைக்குள் போயிருப்பது 1.4 லிட்டர். தேவையைவிட முப்பது மடங்கு! மிச்சம் எங்கே போகும்? தரைக்கும் சுவருக்கும் குடைகளின் மேலேயும்தான். (உங்கள் நாசில் உண்மையில் எவ்வளவு விடுகிறது என்பதை அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரு நாசிலின் வாயைப் பாட்டிலுக்குள் விட்டு ஒரு நிமிடம் ஓட்டி அளந்துவிடுங்கள், பம்பின் அழுத்தத்தைப் பொறுத்து நிறைய மாறும்.)

இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது, இதைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது முதலில் அறைக் காற்றிலிருந்தே எடுக்கும். உங்கள் அறையில் இருக்கும் காற்று மொத்தமே 19 கிலோ அளவுதான். 15 கிராம் தண்ணீர் ஆவியானாலே அந்தக் காற்று கிட்டத்தட்ட 2 டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று தாங்கும் நீராவி குறைவு என்பதால், 44 கிராம் வரை போக வேண்டிய அவசியமே இல்லாமல் அந்த 15 கிராமிலேயே ஈரப்பதம் 92 என்று காட்ட ஆரம்பித்துவிடும். அப்புறம் சுவரும் படுக்கைப் பைகளும் மெதுவாக வெப்பத்தைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும், காற்று சூடாகும், ஒரு சொட்டு நீராவிகூட வெளியே போகாமலே எண் மறுபடி 83, 84க்கு இறங்கும். 90 சதவீதத்தில் இருக்கும் காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 5 சதவீதம் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ட்ரோலர் இதைப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று நினைத்து மறுபடி பம்பை ஓட்டும்.

ஆக, அந்த 44 கிராமையும் அறையால் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளவே முடியாது, எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும். முதலில் 15 கிராம், வெப்பம் திரும்பி வர நேரம், பிறகு இன்னொரு 15 கிராம். அதனால் செய்ய வேண்டியது இதுதான்: சின்னதாக ஒரு தெளிப்பு, நிறுத்து, இரண்டு நிமிடம் பொறு, பிறகு அளந்து பார், இன்னும் குறைவாக இருந்தால் மட்டும் அடுத்த தெளிப்பு. மேல் வரம்பு என்று ஒன்று தேவையே இல்லை. 88க்குக் கீழே இருந்தால் ஒரு தெளிப்பு, இல்லையென்றால் சும்மா இரு. சிப்பிக் காளானுக்கு மொட்டு வரும்போது 90 முதல் 95, குடை விரியும்போது 85 முதல் 90 என்பது வழக்கமான வரம்பு. இரண்டு நிலையும் ஒரே அறையில் இருந்தால் 88, 89ல் வைப்பது பரவாயில்லை. 95ஐத் துரத்துவதைவிட 88ல் ஆடாமல் நிற்பது நல்லது.

நாசில் ஆறும் வேண்டாம். ஆறை வைத்துக்கொண்டு ஒன்றரை நொடி ஓட்டினால் பம்பு அழுத்தம் ஏறுவதற்கே அந்த நேரம் போய்விடும், அழுத்தம் ஏறாத நாசில் பனியாக விடாது, பெரிய சொட்டாகத் துப்பும். நான்கை அடைத்துவிட்டு இரண்டை மட்டும் வையுங்கள். இரண்டு நாசில் நொடிக்கு 4 மில்லி, 5 நொடி ஓட்டினால் 20 மில்லி, அதில் கொஞ்சம் கீழே விழுந்தது போக நமக்கு வேண்டிய 15 கிராம். நாசிலுக்குள்ளேயே சொட்டுத் தடுக்கும் வால்வு இருக்கிற வகையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பம்பு நின்ற பிறகு குழாயில் இருக்கும் தண்ணீர் முழுக்க நேரே கீழே இருக்கும் காளான் மேல் சொட்டும், திட்டு விழும் இடம் எப்போதும் நாசிலுக்குக் கீழேயே இருந்தால் காரணம் அதுதான்.

இப்போது காற்றோட்டம். நீங்கள் கேள்வியில் அதைப் பற்றி எழுதவே இல்லை, ஆனால் சிப்பிக் காளான் கார்பன் டை ஆக்சைடு கூடினால் தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும் என்பதால் ஏதோ ஒரு விசிறி ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். மணிக்கு நான்கு முறை அறைக் காற்று முழுசாக மாறுகிறது, வெளியே 25 டிகிரி, 60 சதவீதம் என்று வைப்போம். ஒவ்வொரு முறையும் 30 சதவீத வித்தியாசத்தை நிரப்ப வேண்டும், அது 110 கிராம், நான்கு முறைக்கு 440 கிராம். 15 கிராம் வீதம் கொடுத்தால் மணிக்கு முப்பது தெளிப்பு, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. பார்த்தீர்களா, மேலே சொன்ன இரண்டு நிமிட இடைவெளியே உங்கள் அறைக்குப் போதுமானதாக வந்துவிட்டது. வெளிக்காற்று இதைவிடக் காய்ந்திருந்தாலோ விசிறி இன்னும் வேகமாக இருந்தாலோ போதாது. அப்போது இடைவெளியைக் குறைக்காதீர்கள், புதுக் காற்று உள்ளே வரும் வாய்க்கு எதிரேயே ஒரு நாசிலைத் திருப்பி வையுங்கள். வறண்ட காற்றில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஏற்கெனவே 88ல் இருக்கும் காற்றில் அடித்தால் கூடுதலாகக் கீழே விழும்.

விசிறியைத் தனி டைமரிலும் தெளிப்பைத் தனி கண்ட்ரோலரிலும் விட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். விசிறி ஓடி முடிந்து ஒரு நிமிடம் கழித்து அளப்பது என்று ஒரே கண்ட்ரோலரில் சேர்த்துவிடுங்கள். அதோடு, உள்ளே காற்றைச் சுழற்ற மட்டும் ஒரு சின்ன விசிறி எப்போதும் மெதுவாக ஓட வேண்டும், காளானை நேராகப் பார்க்காமல் கூரையையோ சுவரையோ பார்த்து. அது இல்லாமல் ஒரு இடத்து எண்ணை வைத்து அறை முழுசுக்கும் முடிவு எடுக்க முடியாது.

துளியின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அசையாத காற்றில் 100 மைக்ரான் துளி 2 மீட்டர் உயரத்திலிருந்து எட்டு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். 50 மைக்ரான் அரை நிமிடம் மிதக்கும், 10 மைக்ரான் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல். உங்கள் ஃபாகர் போன்ற குறைந்த அழுத்த நாசில் விடுவது முதல் இரண்டு வகைக்கு அருகில் இருக்கும், அதனால் அதைக் கூரைக்குப் பக்கத்தில், படுக்கைக்கு மேலே வராமல் நடைபாதைக்கு மேலே வைக்க வேண்டும். அல்ட்ராசோனிக் கருவி சில மைக்ரான் அளவில் விடும், எதையும் எளிதில் நனைக்காது, இந்த அளவு அறைக்கு அதுதான் என் முதல் தேர்வாக இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பு முழுக்க வெள்ளைத் தூளாகப் பறந்து காளான் மேலும் சென்சார் மேலும் படியும். வடிகட்டிய, உப்பு நீக்கிய தண்ணீர் இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

சரி, சென்சார். இரவு முழுக்க 99.9 என்பது இரண்டு காரணத்தால் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். முதல் காரணம் சென்சார் நனைந்திருப்பது. DHT22ஐக் கழற்றி அதன் வெள்ளைக் கூட்டின் கம்பிவரித் துளைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உள்ளே தண்ணீர் ஒரு மெல்லிய ஏடுபோல ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும், சிலதில் பச்சை பூத்த சாலிடரும் தெரியும். வெளியே சாதாரண அறையில் வைத்து அரை மணி கழித்தும் 90க்கு மேலேயே காட்டினால் அது நனைந்திருக்கிறது அல்லது கெட்டுவிட்டது. DHT22 எப்போதாவது ஈரம் வரும் இடத்துக்குச் சரி, நாள் முழுக்க 90க்கு மேலே வாழும் அறைக்கு அது ஏற்றதல்ல. SHT31 வாங்குங்கள், அதிலும் சென்சார் வாயில் வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும் வகையாக. ஆவி போகும், துளி போகாது. அதற்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டரும் இருக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடம் போட்டு ஒட்டிய ஈரத்தை ஓட்டலாம். ஹீட்டர் ஓடும்போதும் அது ஆறும் வரையிலும் வரும் எண்ணைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நீண்ட நேரம் அதிக ஈரத்திலேயே இருந்தால் இந்த வகையும் 3 சதவீதம் வரை கூட்டிக் காட்டும் என்பது நினைவில் இருக்கட்டும்.

வைக்கும் இடம் மாடலைவிட முக்கியம். காளான் இருக்கும் உயரத்தில், நாசிலிலிருந்து தள்ளி, வெளிச்சுவரை ஒட்டாமல், கதவுக்கு எதிரில் இல்லாமல். ஒரு அரை அடி பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, கீழ் முனை திறந்து, மேல் முனையில் ஒரு எல்போ, அதன் வாயில் கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற குட்டி விசிறி காற்றை மெதுவாக மேலே உறிஞ்சுகிறது, சென்சார் நடுவில் தொங்குகிறது. மேலிருந்து விழும் துளி எதுவும் அதன் மேல் படாது, காற்று நகர்ந்துகொண்டே இருப்பதால் எண்ணும் சீக்கிரம் வரும். வொயர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வொயர் வழியாகவே சென்சாருக்கு ஓடி வரும்.

எண் சரியா என்று பார்க்கச் சமையல் உப்பு போதும். ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்கு வரும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, சென்சாரை அதன் மேலே தொடாமல் தொங்கவிட்டு, வொயர் நுழையும் இடத்தை அடைத்து, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். 25 டிகிரியில் 75.3 காட்ட வேண்டும். பொட்டாசியம் குளோரைடு கிடைத்தால் அதில் 84.3, நம் வேலைக்கு இதுதான் இன்னும் பொருத்தம். இரண்டிலும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டினால் அந்த வித்தியாசத்தை நிரலில் கழித்துக்கொள்ளலாம், ஒன்றில் 2, இன்னொன்றில் 7 என்று வந்தால் அந்த சென்சாரைத் தூக்கிப் போடுங்கள். அறைக்குள்ளேயே சந்தேகம் வந்தால் இரண்டு தெர்மாமீட்டர் எடுத்து, முதலில் இரண்டும் ஒரே எண் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றின் முனையில் நனைத்த பருத்தித் துணி சுற்றி விசிறி முன்னால் பிடியுங்கள். 25 டிகிரியில் இரண்டுக்கும் 1.2 டிகிரி வித்தியாசம் இருந்தால் 90 சதவீதம், 2.4 இருந்தால் 81, 82. எந்த மின்னணு சென்சாரும் பொய் சொன்னால் இதில் பிடிபட்டுவிடும்.

99.9க்கு இரண்டாவது காரணம், அது உண்மையாகவே இருக்கலாம். மாலையில் 25 டிகிரி, 90 சதவீதத்தில் இருக்கும் காற்றின் பனிநிலை 23.2 டிகிரி. இரவில் வெளிச்சுவர் அதற்குக் கீழே குளிர்ந்தவுடன் சுவரில் வியர்க்கும், பிளாஸ்டிக் ஷீட் கூரையாக இருந்தால் அதிலிருந்து சொட்டும். நீங்கள் ஒரு சொட்டும் தெளிக்காமலே அறை 100ஐத் தொடும். குடைகள் மேல் தண்ணீர் சில மணி நேரம் காயாமல் நின்றாலே சூடோமோனாஸ் டொலாசி என்கிற பாக்டீரியாவுக்குப் போதும், நீங்கள் பார்த்த மஞ்சள், பழுப்புத் திட்டு பெரும்பாலும் அதன் வேலைதான், தொட்டால் லேசாக வழுவழுப்பாக இருக்கும். இதற்கு மருந்து தேடாதீர்கள், குடையைக் காயவிடுங்கள். சுழற்சி விசிறியை இரவிலும் நிறுத்தக் கூடாது, வெப்பநிலை இறங்கத் தொடங்கியதும் தெளிப்பைத் தானாக நிறுத்த வேண்டும். கடந்த அரை மணியில் அரை டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தால் தெளிக்காதே என்று ஒரு வரி போட்டால் போதும், அந்த நேரத்தில் அறையே தன் ஈரப்பதத்தை ஏற்றிக்கொள்ளும்.

நிரலில் முடிவெடுக்கும் பகுதி இவ்வளவுதான்:

```cpp
float rh = sht31.readHumidity();
bool cooling = (tempHalfHourAgo - tempNow) > 0.5;

if (isnan(rh) || rh > 99.5) {
  mistOff();
  fault = true;
} else if (rh < 88.0 && !cooling
           && millis() - lastMist >= 120000UL
           && pulsesThisHour < 30) {
  mistPulse(5000);          // 5 s
  lastMist = millis();
  pulsesThisHour++;
}
```

இதில் இரண்டு நிமிட இடைவெளியையும் pulsesThisHour என்கிற உச்சவரம்பையும் விட்டுவிடாதீர்கள், pulsesThisHourஐ மணிக்கு ஒருமுறை பூஜ்யமாக்க வேண்டும். சென்சார் வொயர் கழன்றால் isnan பிடித்துவிடும், ஆனால் சென்சார் உப்புப் படிந்து 70லேயே மாட்டிக்கொண்டால் அதைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை, அந்த இரண்டும் இல்லாவிட்டால் காலையில் அறை குளமாக இருக்கும். தெளிப்பு தொடர்ந்து மணிக்கு முப்பதை ஒட்டியே இருந்தால் நான்கில் ஒன்று: மேலே சொன்னபடி வெளிக்காற்று காய்ந்திருக்கிறது, நாசில் அடைத்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, சென்சார் குறைத்துக் காட்டுகிறது. முதலில் நாசிலின் கீழே கையை நீட்டிப் பாருங்கள்.

ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால் நிரல் என்ன சொன்னாலும் பம்பு நிற்காது. அதனால் தண்ணீர்த் தொட்டியைச் சின்னதாக வையுங்கள், ஐந்து லிட்டர், பத்து லிட்டர், காலியானால் தண்ணீர் தானாக நிற்கும். குழாயோடு நேராக இணைக்க வேண்டாம். பம்பு 12 வோல்ட்டில் ஓடட்டும், ஈரமான அறைக்குள் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுபோகாதீர்கள், ரிலேயும் பவர் சப்ளையும் அறைக்கு வெளியே இருக்கட்டும். அந்தத் தொட்டியில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கக் கூடாது, தெளிப்பு என்பது நீங்கள் மூச்சில் இழுக்கும் காற்று, லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியா வெதுவெதுப்பான தேங்கிய நீரில்தான் வளரும். தினமும் மாற்றுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

இதையே சின்னப் பசுமைக்குடிலில் நாற்றுக்கு வைக்கிறவர்கள் 88ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இலைக்கு அவ்வளவு ஈரம் தேவையில்லை, பெரும்பாலான நாற்றுகளுக்கு 65 முதல் 75 போதும், வெயில் ஏறும்போது காற்று வேகமாக ஆவியை வாங்கிக்கொள்வதால் தெளிப்பு நீளமாகவும் இடைவெளி குறைவாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தெளிப்பை முழுசாக நிறுத்திவிட வேண்டும், இலை நனைந்தபடியே இரவுக்குள் போனால் சாம்பல் பூஞ்சை வந்து உட்கார்ந்துகொள்ளும்.